முரட்டுத் தாடிக்கு எது வேண்டும்: புட்டியின் பின்பக்கம் சொல்வது

தாடிக்கு என்று விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் மூன்று பொருள் இருக்கும். கழுவ ஒரு வாஷ், தடவ ஒரு எண்ணெய், டப்பாவில் கெட்டியாக ஒரு பாம். மூன்றின் முன்பக்கத்திலும் ‘மென்மையாக்கும்’, ‘ஊட்டமளிக்கும்’ என்று ஒரே மாதிரிதான் எழுதியிருப்பார்கள். உண்மையில் மூன்றுக்கும் வேறு வேறு வேலை. தடித்த, சுருண்ட, முரட்டுத் தாடி வைத்திருப்பவருக்கு அந்த வேறுபாடு தெரியாவிட்டால் காசும் போகும், அரிப்பும் வரும். தாடியை உண்மையிலேயே மென்மையாக்கும் நான்காவது பொருள் ஒன்று உண்டு. அது அந்தப் பெட்டியில் பெரும்பாலும் இருப்பதே இல்லை.

நான் இருப்பது பெஸ்தாரி ஜெயாவில். பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் புரியும். வேலை செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில். நாள் முழுக்க எண்ணெயின் அமிலத்தையும் ஈரத்தையும் அளப்பதுதான் பிழைப்பு. அதனாலோ என்னவோ, தாடி எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுத்தால் முதலில் பின்பக்கம்தான் பார்ப்பேன். அங்கே எழுதியிருப்பதில் பாதி, எங்கள் ஆலை வாசலில் லோரி லோரியாக வந்து இறங்கும் குலைகளிலிருந்து பிறந்தது. செம்பனைப் பழத்தின் சதையிலிருந்து வருவது ஓர் எண்ணெய், உள்ளே இருக்கும் பருப்பிலிருந்து வருவது வேறோர் எண்ணெய். பருப்பெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயிலும் அப்படித்தான். ஷாம்புவில் நுரை தரும் பொருள்கள், கிளிசரின், கண்டிஷனரைக் கெட்டியாக்கும் கொழுப்பு ஆல்கஹால்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு மரங்களின் வம்சம்தான். வெளிநாட்டு மர்மப் பொருள் என்று நினைத்து மலைக்க ஒன்றுமில்லை.

பட்டியலைப் படிக்க ஒரு சூட்சுமம் தெரிந்தால் போதும். மலேசியாவில் விற்கும் அழகுப் பொருள்கள் ஆசியான் விதிகளின்படி வருபவை. அதிகம் இருப்பது முதலில், குறைவாக இருப்பது பின்னால் என்ற வரிசையில் எழுத வேண்டும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று லேபிளில் போட்டிருக்காது. ஆனால் வாஷ், கண்டிஷனர் போன்ற தண்ணீர் கலந்த பொருள்களில் ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்தி அடிக்கடி இருக்கும். அதற்கு அனுமதித்த உச்ச அளவே 1 சதவீதம். ஆகவே அந்தப் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் 1 சதவீதத்தைத் தாண்டாது. தண்ணீரே இல்லாத எண்ணெய்களில் அது இருக்காது. அங்கே டோகோஃபெரால், அதாவது வைட்டமின் ஈ, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எண்ணெய் சிக்கடிக்காமல் இருக்க அதை மிகக் கொஞ்சமாகத்தான் சேர்ப்பார்கள், எனவே அதற்குப் பின்னால் வரும் விலையுயர்ந்த எண்ணெயின் அளவும் பெரும்பாலும் அவ்வளவுதான்.

இதை வைத்து என் மைத்துனனின் பெட்டியைப் பிரித்துப் பார்த்த கதையைச் சொல்கிறேன். அவன் குலை லோரி ஓட்டுகிறான். ஒரு பிடி நீளத்துக்குத் தாடி, தேங்காய் நார் மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். இணையத்தில் மூன்றும் சேர்ந்த ஒரு பெட்டி வாங்கினான். வாங்கியதிலிருந்து புகார்தான்.

“மாமா, காலையில தடவுனா மத்தியானத்துக்குள்ள முள்ளு மாதிரி ஆயிருது. தாடைக்கு அடியில ஒரே அரிப்பு. கறுப்புச் சட்டையே போட முடியல, வெள்ளையா கொட்டுது.”

“சரி மச்சான், மூணையும் கொண்டு வா, பார்ப்போம்” என்றேன்.

முதலில் வாஷ். தண்ணீர், சோடியம் லாரில் சல்பேட், கோகாமிடோபுரொப்பைல் பீட்டெய்ன், உப்பு, வாசனை, மென்தால், ஃபீனாக்சிஎத்தனால், அதற்கும் பின்னால் ஆர்கன் எண்ணெய். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘ஆர்கன்’ என்று போட்டிருந்தார்கள். உள்ளே 1 சதவீதம்கூட இல்லை. கழுவி விடும் பொருளில் அந்த அளவு எண்ணெய் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். உண்மையில் அதில் வேலை செய்வது லாரில் சல்பேட். அழுக்கோடு சேர்த்துத் தோலின் எண்ணெயையும் வழித்தெடுக்கும் முரட்டுப் பொருள் அது. லாரத் சல்பேட் அதன் சாதுவான தம்பி, பீட்டெய்னோடு கலந்தால் இன்னும் சாதுவாகிவிடும். பெயரில் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம் என்றாலும் தோலுக்கு அது தெரியும். சோடியம் கோகாயில் ஐசெத்தியனேட் அல்லது குளுக்கோசைடு என்று முடியும் பெயர்கள் முன்வரிசையில் இருந்தால் இன்னும் நல்லது.

‘சல்பேட் இல்லை’ என்ற வார்த்தையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். ஓலிஃபின் சல்ஃபோனேட் சேர்த்த வாஷ்கள் அந்த வார்த்தையோடுதான் வருகின்றன. அதுவும் நன்றாகவே வழித்தெடுக்கும். நம் வீடுகளில் பலர் குளிக்கும் கட்டிச் சோப்பையே தாடிக்கும் போடுகிறோம். அது இவை எல்லாவற்றையும்விட மோசம். சோப்பின் காரத்தன்மை pH அளவில் 9 முதல் 10 வரை போகும், தோலோ 5ஐ ஒட்டி இருப்பது. அந்தக் காரத்தில் முடியின் மேற்செதில்கள் தூக்கிக்கொள்ளும். ஏற்கெனவே முரடாக இருக்கும் முடி, காய்ந்ததும் ஒன்றோடு ஒன்று உரசிச் சிக்கிக்கொள்ளும்.

மைத்துனன் இந்த வாஷைக் காலையிலும் மாலையிலும் போட்டுத் தேய்த்திருக்கிறான். வேலைவெட்டியில் புழுதி படிகிறதே, வேறு என்ன செய்வான். ஆனால் புழுதிக்கு வெறும் தண்ணீரே போதும். வாஷ் வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் போட்டால் சரியாக இருக்கும்.

அடுத்தது எண்ணெய். முதலில் விளக்கெண்ணெய், அப்புறம் ஆலிவ், அப்புறம் தேங்காய், டோகோஃபெரால், கடைசியில் புதினா எண்ணெயும் பெர்கமாட் எண்ணெயும். தாடி எண்ணெய்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த மாதிரிக் கலவையைத்தான். இதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லா எண்ணெயும் முடியின் மேல் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் சிறியது, நேரான சங்கிலி. அதனால் அது முடிக்குள்ளேயே இறங்கும். 2003இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். கழுவும்போது முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். ஆனால் அதன் பயன் முழுதாகக் கிடைப்பது கழுவுவதற்கு முன்னால் தடவினால். அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவினால், தண்ணீரில் முடி ஊதிப் பெருப்பது குறையும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நம் பழக்கத்தில் தலைக்குக் கிடைப்பது தாடிக்கும் கிடைக்கும்.

விளக்கெண்ணெய் வேறு ரகம். அதில் 85 சதவீதத்துக்கு மேல் ரிசினோலிக் அமிலம், அதனால்தான் அந்தப் பிசுபிசுப்பு. முடியின் மேலே தடிப்பாகப் படிந்து பளபளப்பும் கனமும் கொடுக்கும். முறுக்கிக்கொண்டு நிற்கும் முடியைக் கொஞ்சம் படிய வைக்க அது உதவும், ஆனால் கலவையில் பத்தில் ஒரு பங்கு போதும். முதலிடத்தில் இருந்தால் லோரியின் புழுதியெல்லாம் ஒட்டிக்கொள்ளும், மத்தியானத்தில் முடிகள் கொத்துக் கொத்தாகப் பிடித்துக்கொள்ளும். மைத்துனன் சொன்ன ‘முள்ளு’ இதுதான். விளக்கெண்ணெய் தாடியை வளர்க்கும் என்ற நம்பிக்கைக்கு நல்ல சான்று கிடையாது.

ஜோஜோபா பெயருக்குத்தான் எண்ணெய். அது திரவ மெழுகு. எளிதில் சிக்கடிக்காது, பிசுபிசுக்காது. முரட்டு முடிக்குப் பகலில் பூச எனக்குப் பிடித்தது அது முதலிடத்தில் இருக்கும் புட்டி. ஆர்கனும் நல்ல எண்ணெய்தான், விலைக்கு ஏற்ற வித்தியாசம் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். திராட்சை விதை எண்ணெய் லேசாக இருக்கும், ஆனால் நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் கெட்டுப் போகும். பழைய வர்ணப் பெட்டியைத் திறந்த மாதிரி வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

அரிப்புக்கு வருவோம். இதில்தான் எண்ணெய்த் தேர்வு நேரடியாகத் தோலைத் தொடுகிறது. தாடிக்கு அடியில் கொட்டும் வெள்ளைக்குக் காரணம் ஒன்றே என்று நினைத்துவிடக் கூடாது. கழுவியதும் தோல் இழுத்துப் பிடித்து, மாவு மாதிரி மெல்லிய தூள் கொட்டினால் அது வறட்சி. வாஷை மாற்றினால் அடங்கும். செதில் மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு, அடியில் தோல் சிவந்து, மூக்கோரத்திலும் புருவத்திலும்கூட இருந்தால் அது பொடுகு. தடவிய இடமெல்லாம் எரிந்து சிறு சிறு பருக்கள் வந்தால் வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை. வட்டமாக முடி கொட்டி, சீழ்க்கட்டி இருந்தால் எந்தப் புட்டியும் வேண்டாம், மருத்துவரிடம் போக வேண்டும்.

மைத்துனனுடையது பொடுகு. மூக்கோரத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பொடுகோடு சம்பந்தப்பட்ட மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தோலிலும் இருப்பது. கொழுப்புதான் அதற்குச் சாப்பாடு, தானாகக் கொழுப்பு அமிலம் தயாரிக்க அதற்குத் தெரியாது. தாவர எண்ணெய்களை அது உடைத்துச் சாப்பிடும். அப்போது வெளிவரும் ஓலிக் அமிலம், பொடுகு வரும் உடம்புக்காரர்களின் தோலை உரிய வைக்கும். ஆலிவ் எண்ணெயில் பெரும்பங்கே ஓலிக் அமிலம்தான். அதைத் தினமும் விரலால் அடித்தோல் வரை தேய்த்து, அதன் மேல் வேர்வையும் சேர்ந்தால் என்ன ஆகும்? அரிப்புக்கு என்று தடவிய எண்ணெயே அரிப்பை வளர்த்திருக்கிறது.

இப்படிப்பட்டவர்கள் தோலில் படும் எண்ணெயாகக் காப்ரிலிக் காப்ரிக் டிரைகிளிசரைடு, ஸ்குவாலேன், மினரல் எண்ணெய் இவற்றில் ஒன்றைத் தேடலாம். முதலாவது, தேங்காய் எண்ணெயிலிருந்தோ செம்பனைப் பருப்பெண்ணெயிலிருந்தோ சின்னக் கொழுப்பு அமிலங்களை மட்டும் பிரித்தெடுத்துச் செய்வது. அந்த ஈஸ்டுக்கு அவ்வளவு சின்னது ஆகாது. மினரல் எண்ணெய் என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். சுத்திகரித்த மினரல் எண்ணெய் தோலுக்குச் சாதுவானது, விலையும் குறைவு. முடிக்குள் இறங்காது என்பது மட்டும்தான் அதன் குறை.

பொடுகு இருக்கும்போது எண்ணெய் மாற்றுவது மட்டும் போதாது. மருந்தகத்தில் 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பு கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு தரம், தாடியின் அடித்தோலில் படும்படி நுரைத்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும். போட்ட கையோடு அலசிவிட்டால் வேலை செய்யாது. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த ஷாம்பு போடும் நாளில் வேறு வாஷ் வேண்டாம்.

புட்டியின் கடைசியில் இருந்த பெர்கமாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெர்கமாட், எலுமிச்சை ரகங்களின் தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய்கள் சிலவற்றில், வெயில் பட்டால் தோலைச் சுடும் பொருள் உண்டு. நம் நிறத்தில் அது கன்னத்தில் கறுப்புத் திட்டாக நின்றுவிடும், போக மாதக்கணக்காகும். தோட்டத்து வெயிலில் நிற்பவர் பகலில் அதைத் தடவக் கூடாது. புதினாவும் மென்தாலும் குளிர்ச்சியாகத் தெரியும், ஆனால் அரிப்பு இருக்கும் தோலில் எரிச்சலைக் கூட்டும். முரட்டுத் தாடிக்கு வாசனையே இல்லாத எண்ணெய்தான் என் சிபாரிசு.

மூன்றாவது, பாம். ஷியா வெண்ணெய், தேன்மெழுகு, விளக்கெண்ணெய், வாசனை. டப்பாவைத் திறந்து விரலால் எடுத்தால் ரவை மாதிரி குறுகுறுத்தது. “கெட்டுப் போச்சா மாமா?” என்று கேட்டான். கெடவில்லை. டப்பா இருந்தது மோட்டாரின் சீட்டுக்கு அடியில். ஷியா வெண்ணெய் உடம்புச் சூட்டிலேயே உருகும், தேன்மெழுகு 62 பாகைக்கு மேல்தான் உருகும். மத்தியான வெயிலில் ஷியா மட்டும் உருகி, ராத்திரியில் மெல்ல மெல்ல ஆறும்போது கட்டி கட்டியாக உறைகிறது. டப்பாவை வெந்நீரில் வைத்து எல்லாம் தெளிவாக உருகும் வரை விட்டு, உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பழையபடி வழவழப்பாகிவிடும்.

பாமின் வேலை மென்மை தருவதல்ல, முடியைப் பிடித்து வைப்பது. பட்டியலில் தேன்மெழுகு முதல் இரண்டு இடங்களுக்குள் இருந்தால் பிடிப்பு அதிகம். நான்காவது ஐந்தாவது இடத்துக்குப் போயிருந்தால் அது தடித்த எண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்ச் சூட்டில் முரட்டுத் தாடிக்கு மெழுகு கொஞ்சம் தூக்கலாகவே வேண்டும். வீட்டில் செய்வதானால் தேன்மெழுகு 25 கிராம், ஷியா 25 கிராம், ஜோஜோபா 50 கிராம் நல்ல அளவு. மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து முதலில் உருக்கி, ஷியாவைப் போட்டு, எண்ணெயை ஊற்றி எல்லாம் தெளிந்ததும் டப்பாவில் விட்டுச் சீக்கிரம் குளிர வைக்க வேண்டும்.

பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து முழுதாக உருகிய பிறகு முடியின் மேல்பாகத்தில் மட்டும் பூசினால் போதும். தோலில் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைபட்டுப் பருக்கள் வரலாம். மெழுகு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும், சாதுவான வாஷ் அதை முழுதாக எடுக்காது. தாடியில் தண்ணீர் ஊற்றும்போது நனையாமல் முத்து முத்தாக உருண்டு ஓடினால், சீப்பில் சாம்பல் நிறப் பிசின் படிந்தால், அந்த ஒரு நாள் சாதாரணத் தலை ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும்.

இனி அந்த நான்காவது பொருள்: கழுவி விடும் கண்டிஷனர். தலைக்குப் போடும் அதே கண்டிஷனர்தான், தாடிக்கு என்று தனியாக வாங்கத் தேவையில்லை. பின்பக்கத்தில் செட்டியரைல் ஆல்கஹாலும், பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு அல்லது செட்ரைமோனியம் குளோரைடும் முன்வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ட்ரைமோனியம் பொருள்கள் நேர்மின்னூட்டம் கொண்டவை. கழுவிய ஈர முடி எதிர்மின்னூட்டத்தில் இருக்கும். அதனால் அவை முடியில், குறிப்பாகத் தேய்ந்த இடங்களில், தாமே போய் ஒட்டிக்கொண்டு செதில்களைப் படிய வைக்கும். எண்ணெய்க்கு இந்தக் குணம் கிடையாது, அது பெரும்பாலும் மேலே வழுக்கலாகப் படிந்திருக்கும், அவ்வளவுதான். பட்டியலில் டைமெத்திகோன் அல்லது அமோடைமெத்திகோன் இருந்தால் முரட்டு முடிக்கு நல்லதே. சிலிகான் என்றால் விஷம் என்பது வெறும் பேச்சு. சாதாரண ஷாம்புவில் கழுவினால் போய்விடும். ஆல்கஹால் என்ற சொல்லைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். செட்டியரைல் ஆல்கஹால் மெழுகு மாதிரி ஒரு கொழுப்புப் பொருள், காய வைக்கும் சாராயம் இல்லை.

வாஷ் போட்ட பிறகு கண்டிஷனரைத் தாடி முடியில் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கி இரண்டு நிமிடம் சிக்கெடுத்து, அலசிவிட வேண்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, லேசான ஈரம் இருக்கும்போதே எண்ணெய் போட வேண்டும். ஒரு பிடி தாடிக்கு ஐந்தாறு சொட்டு போதும். வாஷ் போடாத நாளிலும் கண்டிஷனர் மட்டும் போட்டு அலசலாம்.

மைத்துனனிடம் அந்த வாஷை ஓரம் கட்டச் சொன்னேன், எண்ணெயை அவன் மோட்டார் சங்கிலிக்கு விட்டுக்கொண்டான். வீட்டில் என் தங்கை போடும் கண்டிஷனர், மருந்தகத்து ஷாம்பு, ஒரு சிறு புட்டி ஸ்குவாலேன், இவைதான் இப்போது அவன் குளியலறையில். பாமை மட்டும் வைத்துக்கொண்டான், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும்போது பூச. முதல் வாரம் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் மூக்கோரச் சிவப்பு அடங்கியது, செதிலும் நின்றது. தாடி அலையலையாகப் படியத் தொடங்கியதற்குக் கண்டிஷனர்தான் காரணம் என்பேன்.

வாங்கும் முன் இன்னும் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே முறைப்படி விற்கும் அழகுப் பொருளுக்கு NOT என்று தொடங்கி K என்று முடியும் அறிவிப்பு எண் இருக்கும். தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் தளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். எண் இருப்பதால் பொருள் பலன் தரும் என்று ஆகாது, யார் பொறுப்பு என்பது மட்டும் தெரியும். இன்னொன்று, திறந்த டப்பா படத்துக்குள் 6M, 12M என்று போட்டிருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் என்று அர்த்தம், அதுவும் வெயிலில் வைக்காமல் இருந்தால். புது எண்ணெய் எதுவானாலும் முழங்கை மடிப்பில் சில நாள் தொடர்ந்து தடவிப் பார்த்துவிட்டு, சிவக்கவில்லை என்றால் முகத்துக்குப் போடுங்கள்.